30 இலட்சம் இலாபம் எங்கே போனது? பட்டயக் கணக்காளர் நிறுவகத்துக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தில் கணக்கீட்டு நியமங்களைக் கவனிக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

2022 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரையான ஆண்டின் கணக்குகளை நாமெல்லாம் முடித்து, கையெழுத்திட்டு, கோப்பில் போட்டு நாளாகிவிட்டது. 2022 மார்ச்சுக்கும் 2023 மார்ச்சுக்கும் இடையில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 50.3 சதவீதம் ஏறியிருந்தது. நடுவில் 2022 செப்டெம்பரில் ஆண்டு ஏற்றம் 69.8 சதவீதம் வரை போய் வந்தது. இவ்வளவு நடந்தும் அந்த ஆண்டு இலாப நட்டக் கணக்கை, 2019 இல் எப்படிப் போட்டோமோ அப்படியேதான் போட்டோம். வாங்கிய விலையைக் கிரயமாக எழுதினோம், விற்ற விலையிலிருந்து அதைக் கழித்தோம், மீதிக்கு இலாபம் என்று பெயர் வைத்தோம். ஏப்ரலில் ஒரு முழக்கோலாலும் மார்ச்சில் சிறுத்துப்போன இன்னொரு முழக்கோலாலும் அளந்த துணியைக் கூட்டிக் கழித்தது போன்ற வேலை இது.

நியமத்தை யாரும் மீறவில்லை. நியமம் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. அதனால்தான் இந்த மடலை ஒரு கம்பனிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

என்ன பிழைத்தது என்பதை ஒரு இரும்புக்கடையை வைத்துப் பார்க்கலாம். இது கற்பனைக் கடை. கணக்கு கையில் அடங்கவேண்டும் என்பதற்காக எண்களை முழு எண்களாக எடுத்திருக்கிறேன். சுட்டெண் 2022 ஏப்ரல் தொடக்கத்தில் 100, ஆண்டின் நடுவில் 125, முடிவில் 150.

கடை ஒரு தனியார் கம்பனி. மூலதனம் 100 இலட்சம் ரூபா, முழுவதும் சொந்தப் பணம். ஆண்டுத் தொடக்கத்தில் கம்பி, தகரம், குழாய் என்று 80 இலட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது, வங்கியில் 20 இலட்சம் இருக்கிறது. ஆண்டின் நடுவில் அந்தச் சரக்கு முழுவதையும் 120 இலட்சத்துக்கு விற்கிறார்கள். சம்பளம், வாடகை எல்லாம் சேர்த்து 10 இலட்சம் செலவு. விற்ற அதே அளவு சரக்கைத் திரும்ப எடுக்கப் போனால் மொத்த வியாபாரி 110 இலட்சம் கேட்கிறார். ரூபா சரிந்த அந்த ஆண்டில் இறக்குமதிச் சாமான்களின் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது குறைவாகவே தோன்றும்.

வரலாற்றுக் கிரயத்தில் கணக்கு சுருக்கமானது. விற்பனை 120, கிரயம் 80, செலவு 10, இலாபம் 30 இலட்சம். 2022 ஒக்டோபர் முதல் கம்பனிகளுக்கான பொது வீதம் 30 சதவீதம். முதல் அரையாண்டுக்கு 24 தான், ஆனால் கணக்கு எளிதாக இருக்க முழுவதற்கும் 30 என்றே வைப்போம். வரி 9 இலட்சம். மீதி 21 இலட்சம் பங்குதாரருக்குப் பகிரத்தக்கது என்று ஐந்தொகை சொல்கிறது.

இப்போது கல்லாப்பெட்டியைத் திறந்து பாருங்கள். 20 இலட்சத்தில் தொடங்கி, 120 வந்து, 10 செலவாகி, 110க்குச் சரக்கு எடுத்தபின் கையில் இருப்பது மறுபடி 20 தான். அதில் 9 வரிக்குப் போனால் 11 மிஞ்சும். 21 இலட்சம் பங்கிலாபம் கொடுக்கவேண்டும் என்றால் 10 இலட்சத்துக்கு வங்கிக்கு ஓடவேண்டும். சரக்கு ஒரு கம்பிகூடக் கூடவில்லை. போன ஏப்ரலில் இருந்த அதே கடைதான், ஆனால் இலாபம் 30 இலட்சம்.

அந்த 30 இலட்சம் எங்கிருந்து வந்தது? சரக்குக்கு நாம் கொடுத்த 80க்கும் அதைத் திரும்ப எடுக்கக் கொடுத்த 110க்கும் உள்ள வித்தியாசம் சரியாக 30. அதாவது வியாபாரத் திறமையால் வந்தது என்று நாம் காட்டிய முழுத் தொகையும், சரக்கு இறாக்கையில் கிடந்த காலத்தில் அதன் விலைச்சீட்டு மாறியதால் வந்தது. விற்றவரின் உழைப்புக்கு மிஞ்சியது சுழியம்.

விலைமட்டச் சீராக்கம் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. எல்லாத் தொகைகளையும் ஒரே நாளின் ரூபாவுக்கு, பொதுவாக ஆண்டு முடிவின் ரூபாவுக்கு, மாற்றிவிட்டு அப்புறம் கழித்துப் பார் என்பதுதான் அது சொல்வது. விற்பனை நடு ஆண்டு ரூபாவில் 120, அதை 125 ஆல் வகுத்து 150 ஆல் பெருக்கினால் 144. சரக்கின் கிரயம் தொடக்க ரூபாவில் 80, அது 120 ஆகிறது. செலவு 10, அது 12 ஆகிறது. வியாபாரத்தில் மிஞ்சியது 12 இலட்சம்.

ஆனால் அத்தோடு முடியவில்லை. வங்கியில் ஆண்டு முழுக்க 20 இலட்சம் கிடந்ததே, அதற்கு என்ன நடந்தது? ஏப்ரலில் அந்த 20 வாங்கிய சாமானை மார்ச்சில் வாங்க 30 வேண்டும். இருப்பதோ 20. இந்த 10 இலட்சம் நட்டம் வரலாற்றுக் கிரயக் கணக்கில் எந்த வரியிலும் இல்லை, ஏனென்றால் 20 என்ற எண் அசையவேயில்லை. சீராக்கிய கணக்கில் அது பணவுருப்படிகள் மீதான நட்டமாகத் தனியே நிற்கும். 12 இல் 10 போனால் வரிக்கு முந்திய உண்மை இலாபம் 2 இலட்சம். அதன்மேல் கட்டிய வரி 9 இலட்சம். முடிவு 7 இலட்சம் நட்டம்.

நம்பிக்கை இல்லாதவர்கள் மறுபக்கத்திலிருந்து சரிபார்க்கலாம். ஆண்டு முடிவில் சரக்கு 110ஐச் சீராக்கினால் 132, வரி கட்டியபின் கையில் 11, ஆகமொத்தம் 143. தொடக்க மூலதனம் 100 ஆண்டு முடிவு ரூபாவில் 150. வித்தியாசம் அதே 7. வரித் திணைக்களத்தைக் குறைசொல்லவும் இடமில்லை. நாம் 30 என்று எழுதிக் கொடுத்ததற்குத்தான் அவர்கள் வரி கேட்டார்கள்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த பகுதி. எனக்கு இதைவிடப் பெரிய கவலை இன்னொன்று. இலாபம் கூடுதலாகத் தெரிவது மட்டுமல்ல, யார் நன்றாக நடத்தினார் யார் சிரமப்பட்டார் என்ற வரிசையே தலைகீழாகிவிடுகிறது.

அதே தெருவில் இன்னொரு இரும்புக்கடை. சரக்கு, விற்பனை, செலவு எல்லாம் அச்சொட்டாக அதே. ஒரே வித்தியாசம், 100 இலட்சத்தில் பாதி வங்கிக்கடன். 20 சதவீத நிலையான வட்டிக்கு 50 இலட்சம், வட்டி 10 இலட்சம் ஆண்டு முடிவில். வரலாற்றுக் கிரயத்தில் இவருடைய இலாபம் 30 இல் 10 போக 20 இலட்சம். பக்கத்துக் கடைக்காரர் 30 காட்ட, இவர் 20 தான் காட்டுகிறார். கடன் வாங்கியவர் பின்தங்கிவிட்டார் என்றே யாரும் வாசிப்பார்கள்.

சீராக்கிப் பாருங்கள். வியாபாரத்தில் 12, வங்கியில் கிடந்த பணத்தில் 10 நட்டம், வட்டி 10. ஆனால் ஏப்ரலில் வாங்கிய 50 இலட்சம் கடனை மார்ச் ரூபாவில் சொன்னால் 75 ஆகியிருக்கவேண்டும். இவர் திருப்பிக் கொடுக்கவேண்டியதோ அதே 50. கடன் கொடுத்தவர் இழந்த 25 இலட்சம் இவர் பக்கம் வந்துவிட்டது. வரிக்கு முந்திய உண்மை இலாபம் 17 இலட்சம், வரி 6 போக 11. சொந்தப் பணத்தில் நடத்தியவருக்கு 7 நட்டம், கடனில் நடத்தியவருக்கு 11 இலாபம். ஏட்டில் இவர்தான் பின்னால் நிற்கிறார்.

இந்தப் 17 இலட்சத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும். அந்த 25 இலட்சம் கடன் இலாபம் காசாக எங்கும் வரவில்லை. வட்டியும் வரியும் கட்டியபின் இவர் கையில் இருப்பது 4 இலட்சம். சீராக்கிய இலாபத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று யாராவது நினைத்தால் இன்னொரு குழியில் விழுவார்கள். யாருடைய செல்வம் யாரிடம் போனது என்பதைத்தான் அது காட்டுகிறது. எவ்வளவு எடுத்துச் செலவழிக்கலாம் என்பதற்குப் பணப்பாய்ச்சலையும் சரக்கைத் திரும்ப எடுக்கும் விலையையும் பார்த்தே ஆகவேண்டும்.

இனி நியமத்துக்கு வருகிறேன். நம்மிடம் எல்கேஏஎஸ் 29 இருக்கிறது, சர்வதேச நியமம் 29 இன் அதே உள்ளடக்கம். அதிபணவீக்கப் பொருளாதாரத்தில் எல்லாக் கணக்கையும் ஆண்டு முடிவு ரூபாவில் சொல்லவேண்டும் என்பது அதன் விதி. அதிபணவீக்கம் என்று எப்போது கொள்வது என்பதற்கு அது பல அடையாளங்களைத் தருகிறது. மக்கள் காசை வைத்திருக்காமல் பொருளாகவோ வெளிநாட்டு நாணயமாகவோ மாற்றுவது, கடன் விற்பனையில் விலையோடு பணவீக்கத்தையும் சேர்த்துக் கேட்பது போன்றவை. கடைசியாக ஒரு எண்: மூன்று ஆண்டுகளின் கூட்டுப் பணவீக்கம் 100 சதவீதத்தை நெருங்குவது அல்லது தாண்டுவது. நடைமுறையில் எல்லோரும் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

நம்முடைய எண் என்ன? கொழும்புச் சுட்டெண்ணின்படி மார்ச் 2021 இல் ஆண்டு ஏற்றம் 4.1, மார்ச் 2022 இல் 18.7, மார்ச் 2023 இல் 50.3. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் ஏறத்தாழ 86 சதவீதம் வருகிறது. நூறைத் தொடவில்லை. முந்திய இரண்டு ஆண்டுகளின் ஏற்றம் இதைவிட மிகக் குறைவாக இருந்ததால் மூன்றாவது ஆண்டின் அடி கூட்டில் அமுங்கிப்போனது. ஒரே ஆண்டில் ரூபா தன் வாங்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கை இழந்தது, ஆனால் நியமம் 29 இன் கதவு திறக்கவில்லை. அடுத்த மார்ச்சில் ஆண்டு ஏற்றம் 0.9 சதவீதம் என்று வந்ததும் பேச்சும் நின்றுவிட்டது. 2024 இல் விலைகள் 2022க்குத் திரும்பிவிடவில்லை. ஏறிய இடத்தில் நின்றுகொண்டன, அவ்வளவுதான்.

நான் கேட்பது நியமம் 29 ஐப் பின்தேதியிட்டுக் கொண்டுவாருங்கள் என்பதல்ல. அந்த நியமம் முழுக் கணக்கையும் மாற்றியெழுதச் சொல்கிறது, ஒப்பீட்டு ஆண்டு உட்பட. நமக்கு நடந்தது போன்ற ஒரே ஆண்டு அதிர்ச்சிக்கு அது கனமான மருந்து. பூச்சியத்துக்கும் முழுச் சீராக்கத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்பதுதான் என் முறைப்பாடு.

நடுவில் ஒன்றை வைக்க முயன்றவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். நம் தொழிலின் தாய்வீடான பிரித்தானியாவில் 1974 இல், பொது விலைச் சுட்டெண்ணால் சீராக்கிய துணைக் கணக்கைக் கேட்டு ஒரு தற்காலிக நியமம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நிதியமைச்சர் டெனிஸ் ஹீலி, சரக்கு விலையேற்றத்தால் வீங்கிய இலாபத்துக்கு வரிச் சலுகை கொடுத்தார், ஏனென்றால் கம்பனிகள் இல்லாத இலாபத்துக்கு வரி கட்டிக் காசில்லாமல் தவித்தன. அடுத்த ஆண்டு சான்டிலான்ட்ஸ் குழு பொதுச் சுட்டெண் முறையைத் தள்ளிவிட்டு, அந்தந்தச் சொத்தின் இன்றைய விலையில் கணக்கு வைக்கச் சொன்னது. அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 1977 இல் இங்கிலாந்துப் பட்டயக் கணக்காளர்கள் தாங்களே வாக்களித்தார்கள். 1980 இல் ஒருவழியாகப் பிரித்தானிய நியமம் 16 என்று அது வந்தது. பணவீக்கம் இறங்கியதும் கம்பனிகள் அதைக் கைவிட்டன, எண்பதுகள் முடிவதற்குள் நியமமும் போய்விட்டது. அமெரிக்காவிலும் 1979 இல் கட்டாயமானது 1986 இல் விருப்பத்துக்குரியதாகிவிட்டது.

பிரித்தானியாவில் சிக்கியது ஒரு கேள்வியில்: எந்த விலை? கொழும்பு நுகர்வோர் சுட்டெண் நகரக் குடும்பங்களின் கூடையை வைத்துக் கணிப்பது, அதில் அரிசி, மீன், வாடகை எல்லாம் இருக்கிறது. இரும்புக்கடைக்காரர் வாங்குவது கம்பியை. நம் எடுத்துக்காட்டில் பொதுச் சுட்டெண் வியாபார இலாபம் 12 என்றது. கம்பியின் சொந்த விலையை வைத்தால் 120 இல் 110 ஐயும் 10 ஐயும் கழித்துச் சுழியம். இரண்டும் சரிதான், ஏனென்றால் இரண்டும் வேறு கேள்விக்குப் பதில். முதலாவது, முதலாளி போட்ட பணத்தின் வாங்கும் சக்தி காக்கப்பட்டதா என்பது. இரண்டாவது, கடை அதே அளவில் தொடர்ந்து நடக்குமா என்பது. பிரித்தானியர்கள் ஒன்றைத் தேர்ந்தால்தான் ஆயிற்று என்று ஆறு ஆண்டுகள் சண்டை பிடித்தார்கள். ஒரு பக்கக் குறிப்பில் இரண்டையும் காட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்பது என் எண்ணம்.

சரி, எல்லாக் கம்பனிக்கும் இது வேண்டுமா? வேண்டாம். பதினைந்து நாளுக்கொருமுறை சரக்கு புரளும் பலசரக்குக் கடையில் வாங்கிய விலைக்கும் திரும்ப வாங்கும் விலைக்கும் இடைவெளி சிறிது. சரக்கு மாதக்கணக்கில் கிடக்கும் இடம், பழைய லொறியும் இயந்திரமும் ஓடும் இடம், கடன் விற்பனை அதிகமுள்ள இடம், இவற்றில்தான் வீக்கம் பெரிது. அதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. விற்ற அளவு கூடாமல் மொத்த இலாப விகிதம் திடீரென்று தாவியிருக்கும். நம் கடையில் அது 33 சதவீதம், திரும்ப எடுக்கும் விலையில் பார்த்தால் 8. இலாபமும் வங்கி மேலதிகப்பற்றும் கைகோர்த்து ஏறியிருக்கும். அந்த ஆண்டு விற்பனை 40 சதவீதம் வளர்ந்தது என்று தலைவர் உரையில் பெருமையாக எழுதியிருந்தால், விலைகள் 50 ஏறிய ஆண்டில் அது தேய்வு என்று வாசிக்கலாம். ஆண்டறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் வரும் ஐந்தாண்டுச் சுருக்க வரைபுகளில் இப்படி எத்தனை ஏணிகள் நிற்கின்றனவோ!

நிலத்தையும் கட்டடத்தையும் மீள்மதிப்பிடலாம்தானே என்று சிலர் கேட்பார்கள். எல்கேஏஎஸ் 16 அதை அனுமதிக்கிறது, பெறுமானத் தேய்வும் அதற்கேற்ப ஏறும். ஆனால் சரக்கையும் வங்கியில் கிடக்கும் காசையும் அது தொடாது. இப்படிப்பட்ட சரக்கைப் பொறுத்தவரை எல்கேஏஎஸ் 2, முதலில் வந்தது முதலில் போகும் முறையையோ நிறையிட்ட சராசரியையோதான் ஏற்கிறது. இரண்டிலும் பழைய விலையே கிரயத்துக்குள் வரும்.

சட்டமும் நம்மை இதே வழியில் தள்ளுகிறது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் பங்கிலாபத்துக்கு முன்னால் கடன்தீர் வல்லமைச் சோதனை இருக்கிறது. கடன்களை உரிய நாளில் கொடுக்க முடியவேண்டும், சொத்து பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் விடக் கூடுதலாக இருக்கவேண்டும். கூறப்பட்ட மூலதனம் என்பது ரூபாவில் உறைந்த எண். முதல் கடையில் அது 100 இலட்சம். வரி கட்டியபின் ஏட்டில் சொத்து 121, பொறுப்பு எதுவும் இல்லை. ஆக 21 இலட்சத்தில் கிட்டத்தட்ட முழுவதையும் கொடுத்தாலும் சோதனையின் இரண்டாம் பாதியில் தேறிவிடலாம். சட்டம் காப்பது 100 இலட்சம் என்ற எண்ணை. 2022 ஏப்ரலில் அந்த 100 இலட்சம் வாங்கியதை அல்ல. அந்தச் சோதனைக்கான சான்றிதழில் கையெழுத்திடுவது நம் கணக்காய்வாளர்கள் என்பதை நினைவூட்டத் தேவையில்லை.

ஆகவே என் கோரிக்கை மூன்று விஷயங்களுக்குள் அடங்கும். ஓர் ஆண்டில் நுகர்வோர் சுட்டெண் 20 சதவீதத்தைத் தாண்டினால், மூன்றாண்டுக் கூட்டுக்குக் காத்திராமல், பட்டியலிடப்பட்ட கம்பனிகள் ஒரு பக்கத் துணைக்குறிப்பு வெளியிடவேண்டும் என்று வழிகாட்டல் கொண்டுவாருங்கள். அதில் நான்கே எண்கள் போதும்: ஏட்டு இலாபம், சரக்கையும் பெறுமானத் தேய்வையும் இன்றைய விலைக்கு மாற்றியபின் இலாபம், தேறிய பணவுருப்படிகள் மீதான இலாபம் அல்லது நட்டம், ஆண்டு முடிவு ரூபாவில் தொடக்க மூலதனம். 20 என்பது என் தெரிவு, 15 என்றாலும் 25 என்றாலும் சண்டை பிடிக்கமாட்டேன். குறிப்பைக் கணக்காய்வுக்கு உட்படுத்தவும் கேட்கவில்லை, பிரித்தானியாவில் செலவைச் சொல்லியே எதிர்ப்புக் கிளம்பியது.

அடுத்து, கடன்தீர் வல்லமைச் சான்றிதழுக்கான உங்கள் வழிகாட்டலில், அத்தகைய ஆண்டில் சரக்கைத் திரும்ப நிரப்பத் தேவையான தொகையைப் பணிப்பாளர்கள் கணித்திருக்கிறார்களா என்று கணக்காய்வாளர் கேட்கவேண்டும் என ஒரு வரி சேருங்கள். சட்டத்தைத் திருத்தாமலே செய்யக்கூடிய வேலை இது.

மூன்றாவது, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தோடு நீங்கள் ஆண்டுதோறும் வரி யோசனைகள் பேசும்போது, 1974 இன் சரக்குச் சலுகை போன்ற ஒன்றை மேசையில் வையுங்கள். அரசாங்கத்துக்கு அந்த நேரத்தில் காசு எவ்வளவு தேவைப்பட்டது என்பது எனக்கும் தெரியும். அதனால் வரியை விட்டுவிடக் கேட்கவில்லை, சரக்கு விலையேற்றத்தின் மீதான பகுதியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தள்ளிப்போட்டாலே போதும். கடன் வாங்கியவருக்குக் கிடைத்த 25 இலட்சத்தை என்ன செய்வது என்று அவர்கள் திருப்பிக் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சொந்த முதலால் நிரப்பிய சரக்குப் பங்குக்கு மட்டும் சலுகை என்று வரையறுத்தால், முதல் கடைக்கு முழுச் சலுகையும் இரண்டாவது கடைக்குப் பாதியும் கிடைக்கும்.

இப்படிக்கு,
இரும்புக்கடைக் கணக்குகளும் பார்க்கும் ஒரு கணக்காளர்